மூன்று நிலம், ஒரே கணக்கு: ஏக்கருக்கு உரமும் விதையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை பெங்களூரில், நிலம் தேன்கனிக்கோட்டைப் பக்கம். எங்கள் அலுவலகத்திலும், பொம்மனஹள்ளியில் நாங்கள் குடியிருக்கும் தெருவிலும் இப்படிப் பலர் உண்டு. ஊரில் அப்பாவோ தம்பியோ பயிர் வைப்பார்கள். உரத்துக்கும் விதைக்கும் பணம் இங்கிருந்து போகும். எவ்வளவு அனுப்புவது என்று பார்க்க நான் ஒரு கூகுள் ஷீட் போட்டு வைத்திருக்கிறேன். அதை வாங்கிக்கொண்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

உதாரணம் முழுக்க எங்கள் வீட்டு நிலங்கள்தான். ஏரிக்கரை வயல் 1.20 ஏக்கர், குறுகிய கால நெல். கிணற்றுக் கொல்லை 0.80 ஏக்கர், பாசன ராகி, நடவு. மேட்டுக் கொல்லை 2 ஏக்கர், மானாவாரி நிலக்கடலை.

ஏக்கருக்கு ரெண்டு மூட்டை யூரியா, ஒரு மூட்டை டிஏபின்னு அப்பா எப்பவும் சொல்வார். அதையே வெச்சுக்கிட்டா போதாதா?

நெல்லுக்கு அவர் சொல்வது பெரும்பாலும் சரி. எங்கள் வயலுக்குக் கணக்குப் போட்டால் ஏக்கருக்கு 92 கிலோ யூரியா வருகிறது. இப்போதைய மூட்டை 45 கிலோ, ஆக இரண்டு மூட்டைதான். டிஏபி மட்டும் 35 கிலோ போதும், முழு மூட்டை தேவையில்லை.

ஆனால் அது நெல்லுக்கான கைக்கணக்கு. மானாவாரிக் கடலைக்கு ஏக்கருக்குச் சுமார் 5.4 கிலோ யூரியாதான் வேண்டும். அங்கேயும் இரண்டு மூட்டை கொட்டினால் செடி தழைத்துக்கொண்டு போகும், காய் பிடிக்காது. பயிர் ஒன்றுதான் என்றால் கைக்கணக்கு போதும். மூன்று நிலம், மூன்று பயிர் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போட்டுப் பிறகு கூட்டவேண்டும்.

ஷீட்டில் 120:40:40 என்று போட்டிருக்கிறீர்களே, அது என்ன? எங்கிருந்து எடுத்தது?

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, இந்த வரிசையில், ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்பது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை அது. குறுகிய கால நெல்லுக்கு, காவிரி டெல்டாவும் கோவைப் பகுதியும் அல்லாத இடங்களில் 120:40:40. பாசன ராகிக்கு 60:30:30. மானாவாரிக் கடலைக்கு 10:10:45. எல்லாமே ஹெக்டேர் கணக்கு என்பதால் ஏக்கருக்கு மாற்ற 2.47-ஆல் வகுக்கவேண்டும். வகுக்க மறந்தால் இரண்டரை மடங்கு உரம் வரும். ஷீட்டில் நெல் ஏக்கருக்கு ஐந்து மூட்டை யூரியா என்று காட்டினால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

ஆனேக்கல், மாலூர் பக்கம் நிலம் உள்ளவர்கள் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின், அதாவது ஜிகேவிகே-யின், பரிந்துரையைப் போடுங்கள். பாசன ராகிக்கு அங்கே 100:50:50. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மண் ஏறக்குறைய ஒன்றுதானே, எது சரி என்று கேட்பார்கள். இரண்டுமே அவரவர் ரகங்களையும் சோதனைத் திடல்களையும் வைத்துச் சொன்னவை. எந்த ஊர் ரகத்தை நடுகிறீர்களோ அந்த ஊர்ப் பரிந்துரையைப் பின்பற்றுவது நல்லது. மண் பரிசோதனை அட்டை கையில் இருந்தால் அதில் வரும் எண்தான் முதலில். பொதுப் பரிந்துரை அட்டை இல்லாதவர்களுக்கு.

பட்டாவில் 0.48.50 என்று இருக்கிறது. 48 சென்ட் என்று போடலாமா?

போடாதீர்கள். இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். தமிழ்நாட்டுப் பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்றுதான் இருக்கும். 0.48.50 என்றால் 0 ஹெக்டேர், 48.50 ஏர். ஒரு ஏர் 2.47 சென்ட். ஆக அது 48 சென்ட் இல்லை, 1.20 ஏக்கர். எங்கள் ஏரிக்கரை வயலின் பட்டாதான் அது. முதல் வருஷம் ஷீட்டில் 0.485 ஏக்கர் என்று அடித்துப் பணம் அனுப்பினேன். மேலுரம் போட்ட அன்று அப்பா போனில், "பாதி வயல் தாண்டல, மூட்டை காலி" என்றார். அன்றைக்குப் பட்டாவை எடுத்து மறுபடி பார்த்தபோதுதான் புரிந்தது.

கர்நாடகத்தில் சிக்கல் வேறு மாதிரி. அங்கத்திய நிலப் பதிவான பஹணியில் 1.20 என்று இருந்தால் அது 1.20 ஏக்கர் இல்லை; ஒரு ஏக்கர் 20 குண்டா. ஏக்கருக்கு 40 குண்டா, ஒரு குண்டா இரண்டரை சென்ட். எனவே அது 1.5 ஏக்கர். ஷீட்டில் இரண்டுக்கும் தனி வரி வைத்திருக்கிறேன்:

```
பட்டா (0.48.50):     =0.4850*2.47
பஹணி (1 ஏ 20 கு):   =1+20/40
```

இன்னொன்று. காகிதத்தில் உள்ள பரப்பில் கிணறு, வரப்பு, களம், வழி எல்லாம் அடங்கும். எங்கள் கிணற்றுக் கொல்லை பத்திரத்தில் 0.90 ஏக்கர். கிணறும் மோட்டார் கொட்டகையும் தென்னை வரிசையும் போக உழவு ஓடுவது 0.80. உழவு ஓடும் பரப்பைத்தான் ஷீட்டில் போடவேண்டும். டிராக்டர்காரர் எத்தனை ஏக்கருக்குக் கூலி வாங்குகிறார் என்று கேட்டால் அது ஓரளவு சரியாகவே இருக்கும்.

ஏக்கருக்கு 16 கிலோ மணிச்சத்துன்னா 16 கிலோ டிஏபி வாங்கினா சரியா?

இல்லை. மூட்டைக்குள் சத்து ஒரு பங்குதான். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. டிஏபியில் 18 தழை, 46 மணி. பொட்டாஷில் 60 சாம்பல். வேண்டிய சத்தை அந்தப் பங்கால் வகுத்தால் வாங்கவேண்டிய கிலோ கிடைக்கும். 16.2 கிலோ மணிச்சத்துக்கு 35 கிலோ டிஏபி.

ஷீட்டில் B ஏக்கர், C D E மூன்று சத்துகளின் ஹெக்டேர் பரிந்துரை. F டிஏபி, G யூரியா, H பொட்டாஷ்:

```
F2: =B2*D2/2.47/0.46
G2: =MAX(0, B2*C2/2.47 - F2*0.18)/0.46
H2: =B2*E2/2.47/0.60
```

எங்கள் மூன்று நிலத்துக்கும் கிலோவில் வந்தது இது:

| நிலம் | டிஏபி | யூரியா | பொட்டாஷ் |
|---|---|---|---|
| ஏரிக்கரை வயல், நெல் | 42.2 | 110.2 | 32.4 |
| கிணற்றுக் கொல்லை, ராகி | 21.1 | 34.0 | 16.2 |
| மேட்டுக் கொல்லை, கடலை | 17.6 | 10.7 | 60.7 |
| மொத்தம் | 80.9 | 154.9 | 109.3 |

யூரியா கணக்கில் எதையோ கழிக்கிறீர்களே, அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

அது டிஏபியோடு வரும் தழைச்சத்து. டிஏபி வாங்குவது மணிச்சத்துக்காக என்றாலும், ஒவ்வொரு 100 கிலோவிலும் 18 கிலோ தழைச்சத்து கூடவே வருகிறது. அதனால்தான் முதலில் டிஏபி, பிறகு மீதித் தழைச்சத்துக்கு யூரியா. இந்த வரிசையை மாற்ற முடியாது.

கழிக்காமல் விட்டால் எங்கள் கணக்கில் யூரியா 154.9 கிலோவுக்குப் பதில் 186.6 கிலோ ஆகிறது. 32 கிலோ அதிகம். காசில் பார்த்தால் இருநூறு ரூபாய்கூட இல்லை, அதனால் பில்லைப் பார்த்து யாரும் இந்தத் தவறைக் கண்டுபிடிப்பதில்லை. வயல்தான் காட்டும். நெல் கரும்பச்சையாக, இலை தொங்கலாக நிற்கும். இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் தேடி வரும். கதிர் முற்றும் நேரத்தில் ஒரு மழை பெய்தால் சாய்ந்துவிடும். பயிர் நன்றாகப் பச்சை கட்டியிருக்கிறது என்று சந்தோஷப்படும் கட்டத்திலேயே அளவு மீறியிருக்கலாம்.

மூட்டையா எத்தனை வாங்கணும்? மொத்தம் எவ்வளவு பணம் அனுப்பணும்?

எல்லா நிலத்தையும் கிலோவில் கூட்டிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு தடவை மூட்டையாக மேலேற்றுங்கள். நிலவாரியாக மேலேற்றிப் பிறகு கூட்டாதீர்கள். யூரியா மூட்டை 45 கிலோ, மற்றவை 50 கிலோ என்பதையும் கவனியுங்கள்.

```
டிஏபி:      =ROUNDUP(SUM(F2:F4)/50,0)
யூரியா:     =ROUNDUP(SUM(G2:G4)/45,0)
பொட்டாஷ்:  =ROUNDUP(SUM(H2:H4)/50,0)
```

எங்களுக்கு டிஏபி 2, யூரியா 4, பொட்டாஷ் 3 மூட்டை. யூரியா மூட்டை 266.50 ரூபாய், டிஏபி 1,350 ரூபாய். பொட்டாஷ் விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கணக்குக்காக 1,600 என்று வைத்தேன், நீங்கள் கடையில் கேட்டுப் போடுங்கள். மொத்தம் 8,566 ரூபாய். இதையே நிலவாரியாக மேலேற்றிக் கூட்டினால் டிஏபி 3, யூரியா 5, பொட்டாஷ் 4 என்று ஆகி 11,782 ரூபாய்க்கு மேல் போகும். ஒரு கிலோ உரம்கூடக் கூடுதலாகத் தேவைப்படாமலே மூவாயிரத்து இருநூறு ரூபாய் அதிகம்.

இதற்குப் பிறகும் கண்ணால் ஒரு முறை பார்க்கவேண்டும். பொட்டாஷ் தேவை 109 கிலோ, மூன்றாவது மூட்டையை வெறும் 9 கிலோவுக்காக வாங்குகிறோம். மண் பரிசோதனையில் சாம்பல்சத்து அதிகம் என்று வந்திருந்தால் நான் இரண்டே மூட்டை வாங்கி மூன்று நிலத்திலும் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்வேன். குறைவு என்று வந்திருந்தால் மூன்றாவது மூட்டையை விடமாட்டேன். ஷீட்டுக்கு இது தெரியாது.

நிலம் மூணும் எங்க மூணு பங்காளிகளோடது. உரம் சேர்ந்து வாங்கினோம். யாருக்கு எவ்வளவு செலவு எழுதறது?

மூட்டையை வைத்துப் பிரிக்காமல் கிலோவை வைத்துப் பிரியுங்கள். மேலே சொன்ன விலைகளில் யூரியா கிலோ 5.92 ரூபாய், டிஏபி 27, பொட்டாஷ் 32. நிலவாரிக் கிலோவோடு பெருக்கினால் நெல் வயலுக்கு 2,829, ராகிக்கு 1,289, கடலைக்கு 2,481 ரூபாய். கூட்டினால் 6,599.

கடையில் கொடுத்தது 8,566 ஆயிற்றே, மீதி எங்கே என்று சண்டை வரும் இடம் இது. 1,967 ரூபாய் பிரித்த மூட்டைகளில் இருக்கிறது: பொட்டாஷ் 41 கிலோ, யூரியா 25, டிஏபி 19. அது யார் வீட்டில் இருக்கிறதோ அவர் கணக்கில் சரக்கு இருப்பாக எழுதி, அடுத்த போகத்தின் தேவையில் கழித்துக்கொள்ளுங்கள். அனுப்பவேண்டிய பணம் ஒரு மொத்தம், பயிருக்கான செலவு இன்னொரு மொத்தம். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் குழப்பம்தான். பிரித்த யூரியா மூட்டையை இறுகக் கட்டித் தரையில் படாமல் வையுங்கள், ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும்.

விதைக்கும் இதே மாதிரி பெருக்கினா போதுமா அண்ணா? கடலை விதை ஏக்கருக்கு 50 கிலோன்னு வாங்கினோம், பத்தவே இல்ல.

நெல்லுக்கும் ராகிக்கும் பெருக்கினால் போதும். குறுகிய கால நெல் நடவுக்கு ஏக்கருக்கு 24 கிலோ, ஆக 1.20 ஏக்கருக்கு 29 கிலோ. நாற்று விட்டு நடும் ராகிக்கு ஏக்கருக்கு 2 கிலோ; நம் கொல்லைக்கு 1.6 வந்தாலும் 2 கிலோ வாங்கிக்கொள்ளலாம்.

கடலையில் அந்த 50 கிலோ பருப்பு. நீங்கள் வாங்கியது காய். உடைத்தால் நூற்றுக்குச் சுமார் 70 தான் பருப்பு. 50 கிலோ பருப்புக்கு 71 கிலோ காய் வேண்டும். எங்கள் 2 ஏக்கருக்கு 143 கிலோ. அந்த 50 எப்படி வந்தது என்று தெரிந்தால் ரகம் மாறும்போது நீங்களே திருத்திக்கொள்ளலாம். வரிசைக்கு வரிசை 30, செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 1,35,000 குழி. நூறு பருப்பின் எடை 35 கிராம் என்றால் 47 கிலோ ஆகிறது. பெரும்பருப்பு ரகத்தில் நூறு பருப்பு 50 கிராம் இருந்தால் அதே குழிகளுக்கு 67 கிலோ. விதை வாங்கும்போது நூறு பருப்பை எண்ணி நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன தராசில் நிறுத்துப் பாருங்கள்.

பணமும் இங்கேதான் போகிறது. பருப்பு கிலோ 140 ரூபாய் என்று வைத்தால் 2 ஏக்கருக்கு 14,000. மூன்று நிலத்து உரம் எல்லாம் சேர்ந்தே அவ்வளவு இல்லை. அதனால் முளைப்பைப் பார்க்காமல் விதை வாங்கவேண்டாம். நூறு பருப்பை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து எண்ணுங்கள். சான்று விதைக்குக் கடலையில் குறைந்தது 70 சதவீதம் முளைக்கவேண்டும் என்பது விதி, நெல்லில் 80. பரிந்துரை அளவு அந்த முளைப்பை மனதில் வைத்தே சொல்லப்பட்டது, ஆகவே 70 வந்தால் எதையும் கூட்டவேண்டாம். 60 வந்தால் 50 × 70 ÷ 60, அதாவது ஏக்கருக்கு 58 கிலோ. ஐம்பதுக்கும் கீழே வந்தால் கூடுதலாக விதைத்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், வேறு விதை தேடுங்கள்.

தொழு உரம் அஞ்சு டன் அடிச்சிருக்கோம். அதுக்குத் தக்க யூரியாவைக் குறைக்கலாமா?

ஐந்து டன்னுக்குக் குறைக்கவேண்டாம். ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் அடித்த நிலத்துக்கு என்றுதான் அந்தப் பரிந்துரையே இருக்கிறது. ஏக்கருக்கு அது ஐந்து டன். அதை விட நிறைய அடித்தவர்கள் மட்டும் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

டிஏபி இல்லை, காம்ப்ளக்ஸ் வாங்கிக்கோன்னு கடையில் சொல்றாங்க. எல்லாத்துக்கும் 17:17:17 வாங்கிடலாமா?

நெல்லுக்கும் ராகிக்கும் தப்பில்லை, கடலைக்கு வேண்டாம். எங்கள் 2 ஏக்கர் கடலைக்கு 36 கிலோ சாம்பல்சத்து வேண்டும். அதை 17:17:17 மூலம் கொடுக்க 214 கிலோ ஆகும். அதோடு 36 கிலோ தழைச்சத்தும் வரும். தேவை 8 கிலோதான். காம்ப்ளக்ஸ் எதுவானாலும் எந்தச் சத்து முதலில் நிறைகிறதோ அந்த அளவோடு நிறுத்தி, மற்றவற்றைத் தனி உரத்தால் நிரப்பவேண்டும்.

10:26:26 நெல்லுக்கும் ராகிக்கும் அருமையாகப் பொருந்தும், இரண்டிலும் மணியும் சாம்பலும் சம அளவு என்பதால். எங்கள் நெல் வயலுக்கு 75 கிலோ போட்டால் இரண்டும் முடிந்தது, பொட்டாஷ் தனியாக வேண்டாம், யூரியா ஏறக்குறைய அதே 110 கிலோ. கடலைக்கு 20:20:0:13 கிடைத்தால் 40 கிலோ போதும். தழையும் மணியும் 8 கிலோ வீதம் சரியாக வந்துவிடும், யூரியாவே வேண்டாம், கந்தகமும் கிடைக்கும். சூப்பர் பாஸ்பேட் ஒரு மூட்டையும் அதே 8 கிலோ மணிச்சத்தைக் கொடுக்கும், அதில் கந்தகத்தோடு சுண்ணாம்புச் சத்தும் உண்டு. தழைச்சத்துக்கு யூரியா 17.6 கிலோ சேர்க்கவேண்டும். எதைப் போட்டாலும் கடலைக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் தனி வரி. ஷீட்டில் அதை விட்டுவிட்டு, விதைத்து நாற்பது நாள் கழித்து மண் அணைக்கும்போது பணம் கேட்டு போன் வரும் வீடுகள் நிறைய.

நெல்லுக்கு நாலு தடவை பிரிச்சுப் போடணும்கறாங்க. 110 கிலோ யூரியாவை நாலாப் பிரிச்சா 27 அரை. சரிதானே?

யூரியாவைச் சமமாகப் பிரிக்கக்கூடாது, தழைச்சத்தைச் சமமாகப் பிரிக்கவேண்டும். முன்பு கழித்த டிஏபி இங்கே மறுபடி வருகிறது. டிஏபி முழுவதும் அடியுரத்திலேயே போய்விடுகிறது, அதில் 7.6 கிலோ தழைச்சத்து இருக்கிறது. மொத்தம் 58.3 கிலோவை நான்காகப் பிரித்தால் தடவைக்கு 14.6. அடியுரத்தில் டிஏபி தந்தது போக மீதி 7 கிலோ. அதற்கு யூரியா 15 கிலோ போதும். தூர் கட்டும்போதும், கதிர் உருவாகும்போதும், கதிர் வெளிவரும்போதும் தலா 32 கிலோ.

27 அரை என்று பிரித்தால் நட்டவுடன், வேர் பிடிக்காத நாற்றுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு யூரியா போகிறது. அதில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும், கதிர் உருவாகும் நேரத்தில் பயிர் வெளுக்கும். பொட்டாஷில் இந்தச் சிக்கல் இல்லை. 32 கிலோவைத் தடவைக்கு 8 என்று நேராகப் பிரிக்கலாம். நான் அப்பாவுக்கு மூட்டைக் கணக்கை அனுப்புவதில்லை. "அடியுரம்: டிஏபி 42, யூரியா 15, பொட்டாஷ் 8" என்று அந்தந்தத் தேதிக்கு முந்தின நாள் ஒரு வரி அனுப்புகிறேன். வீட்டில் உள்ள பக்கெட்டில் யூரியா எத்தனை கிலோ பிடிக்கிறது என்று ஒரு முறை நிறுத்துப் பார்த்துவிட்டோம், இப்போது அவர் பக்கெட்டில் அளந்தே போடுகிறார்.